ஒரே நாளில் குவியும் சிக்னல்கள்

2020 பிப்ரவரி 24, திங்கட்கிழமை. இத்தாலியில் கொரோனா பரவுகிறது என்ற செய்தி வார இறுதியில் வந்திருந்தது. அன்று நிஃப்டி 251 புள்ளிகள் இறங்கி 11,829.40இல் முடிந்தது. ஐந்து வாரங்களுக்கு முன்பு தொட்ட உச்சம் 12,430. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய வீழ்ச்சி என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஏறுமுகத்தில் இருக்கும் சந்தை கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். மறுநாள் இன்னும் 31 புள்ளிகள் குறைந்து குறியீடு 11,797.90க்கு வந்தது.

இந்த மாதிரி இரண்டு நாட்களுக்காகவே காத்திருக்கும் ஒரு வகை ஸ்விங் டிரேடிங் முறை உண்டு. ஸ்விங் என்றால் வாங்கிய பங்கைச் சில நாட்கள் வைத்திருந்து விற்பது. அதில் மிகப் பிரபலமான ஒன்றை அமெரிக்காவின் லாரி கானர்ஸும் சீஸர் ஆல்வரெஸும் எழுதிப் பரப்பினார்கள். விதி மிகச் சுருக்கமானது. பங்கின் விலை அதன் 200 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். அதாவது நீண்ட கால ஓட்டம் மேல்நோக்கி இருக்க வேண்டும். அதே சமயம் இரண்டு நாள் ஆர்எஸ்ஐ 10க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆர்எஸ்ஐ என்பது அண்மை நாட்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எடைபோட்டு 0 முதல் 100 வரை சொல்லும் ஓர் அளவு. இரண்டு நாள் கணக்கில் அது 10க்குக் கீழே போனால் பங்கு சட்டென்று அடிவாங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது வாங்கி, விலை மீண்டும் ஐந்து நாள் சராசரிக்கு மேலே முடியும் நாளில் விற்றுவிட வேண்டும். நல்ல பங்கு திடீரென்று தள்ளுபடியில் கிடைக்கும்போது வாங்கி, பதற்றம் தணிந்ததும் வெளியேறுவதுதான் இதன் தர்க்கம்.

சாதாரண நாட்களில் 100 பெரிய பங்குகள் உள்ள பட்டியலில் இந்த விதியைப் போட்டால் இரண்டு மூன்று பங்குகள் தேறும். சில நாட்களில் ஒன்றும் தேறாது. ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு ஏமாற்றியிருக்கும், இன்னொன்றில் பெரிய முதலீட்டாளர் விற்றிருப்பார். காரணங்கள் தனித்தனி. அதனால் அந்த வர்த்தகங்களின் தலையெழுத்தும் தனித்தனி. ஒட்டுமொத்தச் சந்தையும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இறங்கும்போது எண்ணிக்கை எளிதில் முப்பதைத் தாண்டிவிடும். வாரக்கணக்கில் வெறுமனே கிடந்த பட்டியல் ஒரே மாலையில் நிரம்பி வழியும்.

இந்த இடத்தில்தான் புதிதாக இந்த முறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். பல வாரங்கள் காத்திருந்தாயிற்று, கையில் பணம் சும்மா இருக்கிறது, இப்போது முப்பது வாய்ப்புகள் கண்முன் நிற்கின்றன. பத்துப் பங்குகளில் பிரித்துப் போட்டால் ஒன்றிரண்டு கைவிட்டாலும் மற்றவை காப்பாற்றும் என்று மனம் சொல்கிறது. ஆனால் ஒரு தெருவில் முப்பது வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தால் யாரும் முப்பது பழுதுகளைத் தேடுவதில்லை. டிரான்ஸ்பார்மரைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். அந்த மாலையில் வந்த முப்பது சிக்னல்களும் அப்படித்தான். சந்தை நாளை திரும்புமா, திரும்பாதா என்ற ஒரே கேள்வி முப்பது பெயர்களில் கேட்கப்படுகிறது.

இதை எண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பங்குகள் எந்த அளவுக்குச் சேர்ந்தாற்போல் அசைகின்றன என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கொடுக்கலாம். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் ஒன்று போலவே அசைகின்றன. புள்ளியியலில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர். சராசரி ஒட்டுறவு 0.2 இருக்கும் அமைதியான காலத்தில் 20 பங்குகளை வாங்கினால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத சுமார் 4 பந்தயங்களில் பணத்தைப் பிரித்துப் போட்டதற்குச் சமம். சரிவு நாட்களில் இந்த மதிப்பு தாவி ஏறும். 0.7 என்று வைத்துக்கொண்டால் அதே 20 பங்குகள் 1.4 பந்தயங்களுக்குத்தான் சமம். வெறும் 5 பங்குகள் வாங்கியிருந்தால் எவ்வளவு? 1.3. ஆக ஐந்திலிருந்து இருபதுக்குப் போனதில் பாதுகாப்பு ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. ஒவ்வொரு பங்குக்கும் ஒரே தொகை போடுபவராக இருந்தால் சந்தையில் இறக்கிய பணம் மட்டும் நான்கு மடங்காகியிருக்கும்.

இதற்கு இந்த முறையைப் பின்பற்றுபவர்கள் வைக்கும் கட்டுப்பாடுதான் ஒரே நாளில் புதிதாக எத்தனை பங்குகளில் நுழையலாம் என்ற உச்சவரம்பு. எத்தனை சிக்னல் வந்தாலும் இன்று மூன்றுதான். மிச்சத்தை விட்டுவிட வேண்டும். மறுநாள் பட்டியலைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நேற்று தவறவிட்டதை வரிசையில் நிறுத்திவைத்து வாங்குவது கூடாது. ஏனென்றால் நேற்றைய சிக்னல் நேற்றைய விலைக்கு உரியது. இன்று அந்தப் பங்கு மீண்டிருந்தால் விதிப்படி அதை வாங்குவதற்குக் காரணமே இல்லை.

2020 பிப்ரவரியில் இந்த வரம்பு என்ன செய்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக ஒரே ஓர் அனுமானம்: வாங்கும் பங்குகள் எல்லாம் நிஃப்டியைப் போலவே அசைந்தன, வாங்குவதும் விற்பதும் நாளின் முடிவு விலையில். தரகுக் கட்டணமும் வரியும் இந்தக் கணக்கில் இல்லை. முதல் 10 லட்சம் ரூபாய், பங்குக்கு 1 லட்சம், அதிகபட்சம் 10 பங்குகள்.

வரம்பு இல்லாதவர் பிப்ரவரி 25 அன்றே 11,797.90 என்ற அளவில் பத்தையும் வாங்கிவிடுகிறார். புதன்கிழமை குறியீடு 11,678.50, வியாழன் 11,633.30. வெள்ளிக்கிழமை 28ஆம் தேதி உலகச் சந்தைகள் எல்லாம் சரிய, நிஃப்டி ஒரே நாளில் 431 புள்ளிகள் இழந்து 11,201.75இல் முடிந்தது. வாங்கிய மூன்றாம் நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் காணாமல் போயிருக்கும். விற்கும் விதிப்படி முடிவு விலை ஐந்து நாள் சராசரிக்கு மேலே வர வேண்டும். அது நடந்தது மார்ச் 5, வியாழன், 11,269இல். அன்று விற்றால் மொத்த நஷ்டம் சுமார் 44,800 ரூபாய்.

நாளுக்கு மூன்று என்ற வரம்பு வைத்தவர் 25, 26, 27 தேதிகளில் மும்மூன்றாக வாங்குகிறார். கடைசி ஒன்று 28ஆம் தேதி. இந்த நான்கு நாட்களும் இறக்கமே என்பதால் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விலை ஒவ்வொரு நாளும் குறைவு. மார்ச் 5 அன்று இவரும் விற்கிறார். முதல் மூன்றில் 13,400 ரூபாய், அடுத்த மூன்றில் 10,500, அதற்கடுத்த மூன்றில் 9,400 நஷ்டம். கடைசிப் பங்கில் 600 ரூபாய் லாபம். மொத்தம் சுமார் 32,800 ரூபாய் நஷ்டம். கால் பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக இழப்பு குறைந்திருக்கிறது. மாயம் ஒன்றும் இல்லை. சரிவு எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரியாத நிலையில், எல்லாப் பணத்தையும் முதல் நாளின் விலைக்கு ஒப்புக்கொடுக்காமல் இருந்ததன் பலன் அது.

200 நாள் சராசரி என்ற சல்லடை இதைத் தடுத்திருக்காதா என்று கேட்கலாம். அது தடுக்கும், ஆனால் தாமதமாக. சரிவின் முதல் சில நாட்களில் பெரும்பாலான பங்குகள் இன்னும் தங்கள் நீண்ட காலச் சராசரிக்கு மேலேயே நிற்கும். அதனால்தான் சிக்னல் மழையாகக் கொட்டுகிறது. நாட்கள் போகப் போக ஒவ்வொரு பங்காகச் சராசரிக்குக் கீழே நழுவ, பட்டியல் தானாகவே காலியாகும். ஆக சிக்னல்கள் மிக அதிகமாகக் குவிவது சரிவின் தொடக்கத்தில், விலை மிக மலிவாக இருக்கும் கடைசி நாட்களில் அல்ல. 2020 மார்ச்சின் பயங்கரமான நாட்களில் இந்த முறை பெரும்பாலும் கைகட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குள் பணம் முழுவதும் பிப்ரவரி விலையில் மாட்டியிருந்ததா என்பதுதான் கேள்வி.

மாட்டிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதற்கு அந்த மார்ச் 5ஐயே பார்க்கலாம். அன்று நிஃப்டி 11,269இல் முடியாமல் ஒரு 50 புள்ளி கீழே, 11,219இல் முடிந்திருந்தால் ஐந்து நாள் சராசரியைத் தாண்டியிருக்காது. விற்கும் சிக்னல் வந்திருக்காது. அடுத்த நாள் 10,989. மார்ச் 9 அன்று 10,451. மார்ச் 12 அன்று 868 புள்ளிகள் சரிந்து 9,590. 13ஆம் தேதி காலை லோயர் சர்க்யூட் விழுந்து 45 நிமிடம் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. இப்படியே போனால் ஐந்து நாள் சராசரிக்கு மேலே முதன்முதலாக முடிவு விலை வருவது மார்ச் 20இல்தான், 8,745.45இல். பத்துப் பங்குகளையும் முதல் நாளே வாங்கியவரின் நஷ்டம் அப்போது 2.59 லட்சம். அரை சதவீதம்கூட இல்லாத ஒரு வித்தியாசம் 45,000 ரூபாய் நஷ்டத்தை இரண்டரை லட்சமாக மாற்றியிருக்கும்.

சரி, மும்மூன்றாக வாங்கியவர் அந்தச் சூழலில் தப்பித்திருப்பாரா? இல்லை. அவருக்கும் 2.49 லட்சம் போயிருக்கும். நான்கே நாட்களில் அவருடைய பத்து இடங்களும் நிரம்பிவிட்டனவே! ஒரு நாளுக்கான வரம்பு நுழையும் நேரத்தைப் பரப்புகிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் முடியும் அதிர்ச்சிக்கு அது நல்ல மருந்து. ஒரு மாதம் இழுக்கும் வீழ்ச்சிக்கு மொத்தமாக எத்தனை பங்குகள் வைத்திருக்கலாம் என்ற இரண்டாவது வரம்பும் வேண்டும். எல்லாம் ஒரே திசையில் போட்ட பந்தயங்கள் என்றால் பத்து இடங்களில் ஐந்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்று வைத்திருந்தால் நஷ்டம் பாதியாகியிருக்கும். நாள் வரம்பை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. 1983இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் பயிற்சி கொடுத்து உருவாக்கிய ‘ஆமைகள்’ என்ற வர்த்தகக் குழு இப்படிப் பல அடுக்கு வரம்புகளை வைத்திருந்தது. அவர்களுடைய முறை நேர் எதிரானது; ஏறுவதை வாங்கி, இறங்குவதை விற்பது. ஆனாலும் ஒரே பொருளில் அதிகபட்சம் 4 அலகுகள், நெருங்கிய தொடர்புள்ள சந்தைகளில் சேர்த்து 6, தூரத் தொடர்புள்ளவற்றில் 10, எல்லாம் சேர்த்து ஒரே திசையில் 12 என்று எல்லை கட்டியிருந்தார்கள். தங்கமும் வெள்ளியும் இரண்டு சிக்னல் கொடுத்தாலும் அது முழுதாக இரண்டு பந்தயம் ஆகாது என்பதை அந்த எண்களே சொல்கின்றன. இந்தியப் பங்குகளில் இதற்கு இணையானது துறை வரம்பு. நிஃப்டியில் வங்கி, நிதி நிறுவனங்களின் எடை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கிறது. சரிவு நாளின் பட்டியலில் முதல் ஐந்தும் வங்கிகளாகவே அமைந்துவிடலாம். ஒரு துறையில் இரண்டுக்கு மேல் கூடாது என்ற விதி இல்லாவிட்டால், நாளுக்கு மூன்று என்ற வரம்பும் மூன்று வங்கிகளில் போய் முடியும்.

வரம்பு வைத்தால் அடுத்து எழும் கேள்வி: முப்பதில் எந்த மூன்று? பலர் ஆர்எஸ்ஐ மிகக் குறைவாக உள்ள மூன்றை எடுக்கிறார்கள். இயல்பான நாட்களுக்கு அது பொருத்தமே. ஆனால் எல்லாமே விழும் நாளில் மிக ஆழமாக விழுந்த பங்குக்குச் சந்தைக் காரணத்தோடு சொந்தக் காரணமும் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். கடன் சுமை, வழக்கு, மோசமான முடிவுகள் என்று ஏதாவது. அதனால் சிலர் நேர்மாறாக, நீண்ட கால ஓட்டம் வலுவாக இருக்கும் பங்குகளை முன்னால் வைக்கிறார்கள். இரண்டில் எது சரி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வாங்குவதற்கு முன்பே ஒரு வரிசை விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். சிவப்பாக ஒளிரும் திரையின் முன்னால் உட்கார்ந்து, பழக்கப்பட்ட பெயர்களாகப் பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுத்தால் முறை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

பேக்டெஸ்ட் செய்பவர்களை, அதாவது பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்ப்பவர்களை, இந்தக் குவியல் இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகிறது. பத்து ஆண்டுகளில் 2,000 வர்த்தகங்கள், சராசரி லாபம் இவ்வளவு என்று மென்பொருள் சொல்லும். 2,000 என்ற எண் பெரிய நம்பிக்கையைக் கொடுக்கும். அவற்றில் பாதி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாரங்களில் ஒன்றாகக் குவிந்தவையாக இருந்தால்? ஒரு நாளில் வந்த 40 சிக்னல்களும் மறுநாள் சந்தை மீண்டதால் ஜெயித்தன என்றால் அது 40 சாட்சியங்கள் அல்ல, ஒரே சாட்சியம். அதனால் ஒவ்வொரு நாளின் சிக்னல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அந்த நாளை ஒரே வர்த்தகமாக எண்ணிப் பார்ப்பது நல்லது. அப்படி எண்ணும்போது பல அழகான முறைகளின் லாபம் நான்கைந்து பெரிய மீட்சிகளை மட்டும் நம்பி நிற்பது வெளியே தெரியும்.

அதே பேக்டெஸ்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. 10 இடங்களுக்கு 40 சிக்னல்கள் போட்டி போட்டால் மென்பொருள் எந்தப் பத்தை எடுக்கிறது? வரிசை விதி கொடுக்காவிட்டால் சில மென்பொருள்கள் பெயரின் அகர வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். ஏ-யில் தொடங்கும் பங்குகள் நன்றாக ஏறிய காலமாக இருந்தால் முடிவும் பிரமாதமாக இருக்கும்! இதைச் சோதிக்க, தேர்வைத் தற்செயலாக விட்டுப் பல நூறு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தால் கவலை இல்லை. ஒரு ஓட்டத்தில் நல்ல லாபம், இன்னொன்றில் நஷ்டம் என்று சிதறினால், அந்த முறையின் லாபம் எந்தப் பங்கு கையில் விழுந்தது என்ற அதிர்ஷ்டத்தில் இருக்கிறது என்று பொருள்.

வரம்புக்கு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 5 அதற்கு நல்ல உதாரணம். ஜப்பான் மத்திய வங்கி ஜூலை இறுதியில் வட்டியை உயர்த்தியது. யென்னில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி உலகெங்கும் முதலீடு செய்தவர்கள் அவசரமாக விற்கத் தொடங்கினார்கள். டோக்கியோவின் நிக்கேய் குறியீடு ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிஃப்டி 662 புள்ளிகள் இறங்கி 24,055.60. இரண்டு நாள் ஆர்எஸ்ஐ 5க்குக் கீழே; குறியீடோ 200 நாள் சராசரிக்கு வெகு உயரத்தில். மறுநாள் கொஞ்சம் இறங்கி 23,992.55. அதன் பிறகு மீண்டது. ஆகஸ்ட் 9 அன்று 24,367.50இல் விற்கும் விதி பூர்த்தியானது.

முன்போலவே கணக்குப் போட்டால், 5ஆம் தேதியே பத்தையும் வாங்கியவருக்கு சுமார் 13,000 ரூபாய் லாபம். மும்மூன்றாக வாங்கியவருக்கு இரண்டு நாட்களில் ஆறு பங்குகள் கிடைத்திருக்கும். 7ஆம் தேதி சந்தை ஏறியதும் சிக்னல்கள் மறைந்துவிட்டன. அவருடைய லாபம் 8,600. வரம்பு அவரிடமிருந்து 4,400 ரூபாயைப் பறித்துக்கொண்டது. சந்தை உடனே திரும்பும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகும், அப்படித் திரும்புவதுதான் இந்த முறையில் பெரும்பாலும் நடப்பதும். பல சின்னச் சின்ன லாபங்களை விட்டுக்கொடுத்து, எப்போதோ வரும் பெரிய அடியின் எடையைக் குறைப்பதே இந்த ஏற்பாடு. இரண்டு நிகழ்வுகளை வைத்து எது மேல் என்று தீர்ப்பு எழுத முடியாது. மூன்றா, இரண்டா, ஐந்தா என்ற எண்ணை அவரவர் பட்டியலில், 2008, 2020 போன்ற ஆண்டுகளும் அடங்கிய நீண்ட காலத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போது சராசரி லாபத்தை மட்டும் பார்க்காமல், கணக்கு தன் உச்சத்திலிருந்து எவ்வளவு ஆழம் விழுந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரம்பை இரண்டிலிருந்து நான்குக்கு மாற்றினால் லாபம் மெதுவாக மாறுவது இயல்பு. மூன்றில் மட்டும் லாபம் விண்ணைத் தொட்டு, இரண்டிலும் நான்கிலும் தரைக்கு வந்தால் அந்த மூன்றை நம்பக் கூடாது. பழைய விலைகளுக்குத் தற்செயலாகப் பொருந்திய எண் அது.

கடைசியாக, ஆர்டர் போடும் இடத்தில் வரம்பு எப்படிக் கசிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் நேற்றைய முடிவு விலைக்கு 3 சதவீதம் கீழே லிமிட் ஆர்டர் போட்டு வைக்கிறார்கள். சாதாரண நாளில் பத்து ஆர்டர் போட்டால் இரண்டோ மூன்றோ நிறைவேறும். அந்தப் பழக்கத்தில், பத்து போட்டால் மூன்று கிடைக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு பதிந்துவிடும். சந்தை 5 சதவீதம் சரியும் நாளில் பத்தும் நிறைவேறும், அதுவும் காலை முதல் சில நிமிடங்களிலேயே. வரம்பு மூன்று என்றால் சந்தையில் நிற்கும் ஆர்டர்களே மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அல்லது மூன்றாவது நிறைவேறிய கணமே மற்றவை தானாக ரத்தாகும்படி அமைத்திருக்க வேண்டும். கையால் ரத்து செய்துகொள்ளலாம் என்று விட்டால், 2020 மார்ச் 23 போன்ற காலைகளில் அதற்கு அவகாசம் கிடைக்காது. அன்று சந்தை திறந்து முதல் மணி நேரத்துக்குள் 10 சதவீத எல்லையைத் தொட்டு வர்த்தகம் நின்றுபோனது. மாலையில் நிஃப்டி 7,610.25இல் முடிந்தபோது ஒரே நாள் இழப்பு ஏறக்குறைய 13 சதவீதம்.